அப்பாவின் போனில் உங்கள் கணக்கு: யுபிஐ சர்க்கிளில் பணம் போகாதபோது எங்கே பார்ப்பது

வீட்டுக்கு ஒருவர் கணக்கு வைத்திருப்பார், செலவு செய்வது நான்கு பேராக இருப்பார்கள். இதற்கு வழக்கமாக நடப்பது ஒன்றுதான்: மகளின் யுபிஐ பின் அப்பாவுக்குத் தெரியும், அல்லது மளிகைக் கடைக்குப் போகும் தம்பிக்குத் தெரியும். பின் தெரிந்தவருக்கு வரம்பு என்று எதுவும் கிடையாது. மொத்தக் கணக்கும் அவர் கையில் இருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட வாடிக்கையாளர் பாதுகாப்பு விதிகளின்படி, ரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்து அதனால் பணம் போனால், வங்கியிடம் புகார் சொல்லும்வரை ஏற்படும் இழப்பு உங்களுடையது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் யுபிஐ சர்க்கிள். 2024 ஆகஸ்ட் 8 அன்று பணக் கொள்கை அறிவிப்போடு ரிசர்வ் வங்கி இந்த ஏற்பாட்டை அறிவித்தது. தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் அதே மாதம் விதிகளை வகுத்தது. கணக்குக்குச் சொந்தக்காரர் தன் செயலியில் குடும்பத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறார். சேர்க்கப்பட்டவர் தன் போனில், தன் செயலியில் இருந்தபடியே அந்தக் கணக்கிலிருந்து பணம் கட்டுகிறார். பின் யாருக்கும் போவதில்லை.

கேட்க எளிதுதான். ஆனால் ஒரு பணம் போய்ச் சேர இதில் இரண்டு போன், இரண்டு செயலி, ஒரு வங்கி எல்லாமே ஒத்துப்போக வேண்டும். எங்கே இடறுகிறது என்று திரையில் வரும் ஒற்றை வரிச் செய்தி தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இதில்தான். அனுமதி இரண்டு வகை. முழு அனுமதியில், கணக்குக்காரர் சேர்க்கும் நேரத்தில் ஒருமுறை தன் பின்னைப் போட்டு மாத வரம்பை நிர்ணயிக்கிறார். அதன் பிறகு அந்த வரம்புக்குள் சேர்ந்தவர் யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம். பகுதி அனுமதியில் வரம்பு நிர்ணயம் இல்லை. சேர்ந்தவர் பணம் கட்டத் தொடங்குவார், கோரிக்கை கணக்குக்காரரின் போனுக்கு வரும், அவர் தன் பின்னைப் போட்டால்தான் பணம் நகரும். எந்த வகையானாலும் சேர்ந்தவர் தன் செயலியைக் கைரேகை, முகம் அல்லது செயலிப் பூட்டு எண்ணால் திறந்தாக வேண்டும். அது கட்டாயம்.

எழுத வசதியாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் கயல்விழி கோவையில் வேலை பார்க்கிறார், கணக்கு அவருடையது. அப்பா தென்காசியில் இருக்கிறார், கடைகளில் கட்டுவது அவர்.

"அப்பாவைச் சேர்க்கவே முடியவில்லை"

முதலில் எண்ணை எப்படிக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். கைபேசி எண்ணைக் கையால் தட்டச்சு செய்து ஒருவரைச் சேர்க்க விதி இடம் தருவதில்லை. அவர் உங்கள் போனின் தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும், அங்கிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான எண்ணை ஒரு இலக்கம் மாற்றிப் போட்டு முன்பின் தெரியாதவருக்குக் கணக்கைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான தடை இது. எனவே அப்பாவின் எண் மனப்பாடமாகத் தெரிந்தாலும் முதலில் அதைச் சேமித்துவிட்டு வாருங்கள். சேமித்த பிறகும் பெயர் வரவில்லை என்றால், போன் அமைப்புகளில் அந்தச் செயலிக்குத் தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்காகப் பலர் அதை மறுத்து வைத்திருப்பார்கள்.

இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம். அப்பாவின் செயலியில் அவருடைய கியூஆர் குறியீட்டைத் திறக்கச் சொல்லி உங்கள் போனால் ஸ்கேன் செய்துவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது செய்து முடித்துவிட்டால் போனில் மணிக்கணக்கில் விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

பெயர் வருகிறது, ஆனால் சேர்க்கும்போது நிராகரிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. அப்பாவின் போனில் இருக்கும் செயலி சர்க்கிளை ஆதரிக்காததாக இருக்கலாம். ஆதரிக்கும் செயலியாகவே இருந்தும் அவர் அதில் தனக்கென ஒரு யுபிஐ முகவரி உருவாக்காமல் விட்டிருக்கலாம். அல்லது அவர் ஏற்கெனவே வேறொருவர் சர்க்கிளில் இருக்கலாம். கடைசிக் காரணத்தைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஒரு கணக்குக்காரர் ஐந்து பேர் வரை சேர்க்கலாம், ஆனால் சேரும் ஒருவர் ஒரே ஒரு கணக்குக்காரரிடம்தான் இருக்க முடியும். சென்னையில் இருக்கும் அண்ணன் போன தீபாவளிக்கே அப்பாவைச் சேர்த்து வைத்துவிட்டு மறந்திருந்தால், கயல்விழி எத்தனை முறை முயன்றாலும் நடக்காது. அப்பாவின் செயலியில் `UPI Circle` பக்கத்தைத் திறந்தால் அவர் யாருடைய சர்க்கிளில் இருக்கிறார் என்று தெரியும். அதிலிருந்து விலகிய பிறகு புதிதாகச் சேருங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு தடை இருக்கலாம். கணக்கு இருக்கும் வங்கியும் இந்த வசதியை இயக்கியிருக்க வேண்டும். செயலி தயாராக இருந்தும் வங்கி தயாராக இல்லையென்றால், உங்கள் கணக்குகளின் பட்டியலில் அந்த ஒரு வங்கி மட்டும் மங்கலாக இருக்கும் அல்லது வராது. உங்களுக்கு வேறு வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை வைத்து முயன்று பாருங்கள். அது போய்விட்டால் கோளாறு செயலியில் இல்லை என்பது உறுதி. எந்தெந்த வங்கிகளும் செயலிகளும் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் கழகத்தின் இணையதளத்தில் இருக்கிறது.

"ஒவ்வொரு டீக்கும் எனக்கு அனுமதிக் கோரிக்கை வருகிறது"

இது கோளாறு இல்லை. நீங்கள் பகுதி அனுமதியில் சேர்த்திருக்கிறீர்கள். ஆரம்பத்தில் பல செயலிகள் இந்த வகையை மட்டுமே கொடுத்தன. பீம் செயலியில் முழு அனுமதி 2025 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் சேர்த்தவர்கள் பகுதி அனுமதியிலேயே இருப்பார்கள், தானாக மாறியிருக்காது.

சர்க்கிள் பக்கத்தில் அப்பாவின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். மாத வரம்பும் முடிவுத் தேதியும் தெரிந்தால் அது முழு அனுமதி. இரண்டும் இல்லாமல் வங்கியின் பெயர் மட்டும் இருந்தால் பகுதி. மாற்றும் வசதியைச் செயலி அங்கேயே தந்தால் மாற்றுங்கள். தரவில்லையென்றால் அவரை நீக்கிவிட்டு முழு அனுமதியில் மறுபடி சேர்க்க வேண்டும். அப்போது உறவுமுறை, அடையாள ஆவணம் போன்ற விவரங்களைச் செயலி கேட்டால் தயங்காமல் சரியாகக் கொடுங்கள். வரம்பைத் தொட்டுச் செலவு செய்யும் உரிமையை ஒருவருக்குக் கொடுக்கிறீர்கள், அவர் யார் என்று பதிவாகத்தான் செய்யும்.

"கோரிக்கையே வரவில்லை, அப்பா கடையில் நிற்கிறார்"

பகுதி அனுமதியை வேண்டுமென்றே வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை. கோரிக்கைக்கு ஆயுள் சில நிமிடம்தான். அதற்குள் பின் போடவில்லையென்றால் காலாவதியாகிவிடும், அப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிவிப்பு வருவதற்காகக் காத்திருக்காமல் நேராகச் செயலியைத் திறந்து சர்க்கிள் பக்கத்துக்குப் போங்கள். கோரிக்கை அங்கே காத்திருந்தால், கோளாறு அறிவிப்பில் மட்டும்தான். ஆண்ட்ராய்டு போன்கள் மின்கலத்தை மிச்சப்படுத்த, அடிக்கடி திறக்காத செயலிகளைத் தூங்க வைத்துவிடும். போன் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கி, அறிவிப்பு அனுமதியையும் கொடுங்கள். சர்க்கிள் பக்கத்திலும் ஒன்றும் இல்லையென்றால், அப்பாவின் பக்கத்திலிருந்தே கோரிக்கை கிளம்பவில்லை. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் கடைக் கவுன்டருக்குப் பகுதி அனுமதி ஒத்துவராது. அலுவலகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் மகள் பின் போடும்வரை, பின்னால் நான்கு பேர் முணுமுணுக்க அப்பா காத்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரி முன்பணம் போல எப்போதாவது வரும், தொகை பெரிதான, முன்கூட்டியே போனில் பேசிக்கொள்ள முடிகிற செலவுக்கு அது சரி.

"அப்பாவிடம் பின் கேட்கிறது"

இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் அப்பா மகளுக்குப் போன் போட்டு "பின் என்னம்மா?" என்று கேட்பார், மகளும் அவசரத்தில் சொல்லிவிடுவார். இத்தனை ஏற்பாடும் அந்த ஒரு நொடியில் வீண்.

சர்க்கிள் வழியாகப் பணம் போகும்போது அப்பாவின் திரையில் வங்கியின் பின் கேட்கும் பக்கம் வரவே வராது. கைரேகையோ செயலிப் பூட்டோ மட்டும்தான் கேட்கும். பின் பக்கம் வருகிறது என்றால் அப்பா தன் சொந்த வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று பொருள். அவருக்கு ஓய்வூதியக் கணக்கு அதே செயலியில் இணைந்திருந்தால், செயலி வழக்கம்போல் அதைத்தான் முதலில் நீட்டும். கடையின் கியூஆரை ஸ்கேன் செய்து தொகையைப் போட்ட பிறகு, எந்தக் கணக்கிலிருந்து கட்டுவது என்று காட்டும் வரியைத் தொடச் சொல்லுங்கள். அங்கே அவருடைய வங்கிக்குக் கீழே மகளின் பெயரோடு சர்க்கிள் தனி வரியாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தொடர வேண்டும்.

அந்த வரியே இல்லையென்றால், அழைப்பை அவர் இன்னும் ஏற்கவில்லை. மகள் சேர்த்தவுடன் இணைப்பு முடிந்துவிடாது. அப்பாவின் செயலியில் அழைப்பு வந்து, அவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வழக்கமாக அழைப்பு சர்க்கிள் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, அவர் போனில் இரண்டு மூன்று பணச் செயலிகள் இருந்தால், அழைப்பு எந்தச் செயலியின் யுபிஐ முகவரிக்குப் போனதோ அதில் மட்டும்தான் வரும். மற்றொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. சேர்க்கும்போது மகள் பார்த்த முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை வைத்து அது எந்தச் செயலியினுடையது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான குறி ஒன்றும் உண்டு. செயலி "பூட்டு அமைக்கவும்" என்று மறுபடி மறுபடி கேட்டால், அப்பாவின் போனுக்கே திரைப் பூட்டு இல்லை. வயதானவர்கள் வசதிக்காக அதை எடுத்துவிட்டிருப்பார்கள். சர்க்கிளில் வங்கிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு அந்தப் பூட்டுதான். போட்டே ஆக வேண்டும். விரல் தேய்ந்து கைரேகை பிடிக்காதவருக்கு எண் பூட்டு வையுங்கள், ஆனால் அந்த எண் மகளின் யுபிஐ பின்னாக இருக்கக் கூடாது.

"வரம்பு மிச்சம் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை"

முழு அனுமதியில் அதிகம் வரும் புகார் இதுதான். காரணம், அங்கே இருப்பது ஒரு வரம்பு இல்லை, மூன்று. நீங்கள் நிர்ணயித்த மாத வரம்பு ஒன்று. அது ஒருவருக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பது இரண்டாவது. இதை நீங்கள் கூட்ட முடியாது. மூன்றாவது, இணைந்த முதல் 24 மணி நேரத்துக்கு மட்டும் உள்ள கட்டுப்பாடு. அந்த ஒரு நாளில் மொத்தமாகவே 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. யாரையாவது ஏமாற்றிச் சேர்க்க வைத்திருந்தால், சேதம் பெரிதாவதற்குள் கணக்குக்காரர் விழித்துக்கொள்ள அவகாசம் தரும் ஏற்பாடு.

திரையில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே செய்திதான் வரும். எதில் முட்டியது என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கயல்விழி அப்பாவுக்கு மாதம் 8,000 ரூபாய் வரம்பு வைத்து, சனிக்கிழமை காலை 11 மணிக்குச் சேர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மதியம் மருந்துக் கடையில் 1,850 ரூபாய் போனது. மளிகைக்கு 1,420 போனது. மாலையில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்த கடையில் 2,180 ரூபாய் கட்டப் பார்த்தார், நிராகரித்துவிட்டது. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: "எட்டாயிரத்தில் மூவாயிரத்துச் சொச்சம்தானே செலவாகியிருக்கிறது?" மாத வரம்பில் 4,730 ரூபாய் மிச்சம்தான். தொகையும் 5,000-க்குக் கீழேதான். ஆனால் அதுவரை போன 3,270 ரூபாயோடு 2,180-ஐக் கூட்டினால் 5,450. முதல் நாளுக்கான 5,000-ஐத் தாண்டுகிறது. ஞாயிறு மதியம் அதே கடையில் அதே தொகையைக் கட்டினார், போய்விட்டது. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்தில் 5,200 ரூபாய் பில். நிராகரிப்பு. முதல் 24 மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, எனவே இது தடவைக்கு 5,000 என்ற சுவர். கூடத்தில் இருந்தவர் நல்ல மனிதர், "இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள் அய்யா" என்றார். அப்பா 2,600 என்று போட்டார். அதுவும் நிராகரிப்பு! இப்போது முட்டியது மாத வரம்பில். 8,000-இல் 5,450 போக மிச்சம் 2,550 ரூபாய்தான், 2,600-க்கு ஐம்பது ரூபாய் குறைகிறது. ஒரே பில்லுக்கு அடுத்தடுத்து இரண்டு நிராகரிப்பு, இரண்டுக்கும் வேறு வேறு காரணம். இந்த இடத்தில் அப்பா அடுத்து 2,500 போட்டுப் பார்க்கலாம், அது போகும். ஆனால் மீதிக்கு வழி இருக்காது. கூடத்தின் யுபிஐ முகவரியைப் போனில் கேட்டு வாங்கி, மகள் கோவையிலிருந்து தன் பின்னைப் போட்டு நேரடியாக 5,200 கட்டிவிடுவதுதான் சரியான வழி. அப்படிக் கட்டியது அப்பாவின் மாத வரம்பில் சேராது.

இந்தக் கதையிலிருந்து வரம்பை எப்படி வைப்பது என்பதும் தெரிகிறது. மாதத்துக்கு ஏழாயிரம் செலவாகும் என்றால் ஏழாயிரமே வைத்தால் மாதக் கடைசியில் சில்லறைத் தொகைக்கெல்லாம் நிராகரிப்பு வரும். கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஆனால் 15,000-ஐ வைத்துவிட்டு மறந்துவிடவும் வேண்டாம். போன் தொலைந்தால் போகக்கூடிய தொகையின் உச்சம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு தொகையைத் தீர்மானியுங்கள். வரம்பைக் கூட்டுவதற்காக நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: புதிதாகச் சேர்த்தால் முதல் 24 மணி நேரக் கட்டுப்பாடும் புதிதாகத் தொடங்கும். மருத்துவமனைக்குப் போகும் நாளின் காலையில் அதைச் செய்யாதீர்கள்.

மூன்று கணக்கும் சரியாக இருந்தும் போகவில்லையா? கயல்விழியின் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கிள் வரம்பு என்பது ஒதுக்கி வைத்த பணம் இல்லை, கணக்கில் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே. சம்பளம் வருவதற்கு முந்தைய வாரம் இருப்பு 1,200 ரூபாய் என்றால், வரம்பு எட்டாயிரம் என்று காட்டினாலும் 1,500 போகாது. வீட்டுக் கடன் தவணை பிடிக்கும் நாளிலும் இதே கதைதான். அப்பாவின் திரையில் உங்கள் இருப்பு தெரியாது, எனவே அவருக்குக் காரணம் புரியாது. அடுத்து, முடிவுத் தேதி. முழு அனுமதிக்கு நீங்கள் வைத்த காலம் முடிந்திருந்தால் ஒரு ரூபாயும் போகாது. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்து, இன்று காலையிலிருந்து எந்தத் தொகையும் போகவில்லை என்றால் முதலில் இந்தத் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

"போன் மாற்றியதிலிருந்து வேலை செய்யவில்லை"

யுபிஐ செயலி சிம் கார்டையும் அந்தக் கைபேசியையும் சேர்த்துத்தான் ஒருவரை அடையாளம் காண்கிறது. பதிவு செய்யும்போது செயலி உங்கள் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது இதற்காகத்தான். அப்பா புதுப் போன் வாங்கினாலோ, சிம் மாற்றினாலோ அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். செயலியை மறுபடி பதிவு செய்து, சர்க்கிள் பக்கத்தில் இணைப்பு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மகள் பக்கத்தில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே சுருக்கமான வழி. பழையது பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தால் ஐந்து பேர் கணக்கில் ஓர் இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

"பணம் எடுத்துவிட்டது, கடைக்காரர் வரவில்லை என்கிறார்"

இங்கே யார் புகார் சொல்வது என்பதில் தடுமாற்றம் வரும். கட்டியது அப்பா, போனது மகளின் கணக்கிலிருந்து. மகள்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் பரிவர்த்தனைகள் மகளின் செயலியிலும் வங்கி அறிக்கையிலும் தெரியும். அதைத் திறந்து நிலையைப் பாருங்கள். "தோல்வி" என்று இருந்தால் பணம் திரும்பி வரும், காத்திருங்கள். "நிலுவை" என்று இருந்தால் அப்பாவை மறுபடி கட்டச் சொல்லாதீர்கள், முதலாவது பின்னால் போய்ச் சேர்ந்து இரட்டைப் பணம் ஆகிவிடும்.

"வெற்றி" என்று இருந்தும் கடைக்கு வரவில்லையென்றால், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்து அவர் கணக்கில் தேடச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி பேசவில்லை என்பதற்காகப் பணம் வரவில்லை என்று சொல்லும் கடைகள் நிறைய. உண்மையிலேயே வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை உங்களுக்குத் துணை. தனிநபருக்கு அனுப்பியது போய்ச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டுப் புகாரைப் பதியுங்கள். அங்கே நகரவில்லையென்றால் வங்கி. வங்கி 30 நாளில் தீர்க்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர்.

கடைக்காரர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பினால் அது மகளின் கணக்குக்குத்தான் போகும். அப்பா தன் ஓய்வூதியக் கணக்கில் தேடிக்கொண்டிருப்பார், சொல்லி வையுங்கள்.

"தெரியாதவரிடமிருந்து சர்க்கிள் அழைப்பு வந்திருக்கிறது"

இது இரண்டு விதமாக வரும். ஒன்றில் உங்களைத் தன் சர்க்கிளில் சேரச் சொல்லி யாரோ அழைக்கிறார். இலவசமாகச் செலவு செய்யலாமே என்று தோன்றும். ஏற்காதீர்கள். அது யார் பணம் என்று உங்களுக்குத் தெரியாது, கட்டியவர் என்று பதிவில் இருப்பது நீங்கள். உங்களுக்கு இருக்கும் ஒரே இடமும் அடைபட்டுவிடும்.

மற்றொன்று கொஞ்சம் மோசம். "பரிசுப் பணம் அனுப்புகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று பழைய பாட்டையே பாடி, உங்களைக் கொண்டே அவரை உங்கள் சர்க்கிளில் சேர்க்க வைக்கப் பார்ப்பார்கள். பணம் வாங்க ஒருபோதும் பின் தேவையில்லை. பின் போடும் பக்கத்துக்கு முன்னால் வரும் திரையில் ஒருவரின் பெயரும் மாத வரம்பும் இருந்தால் அவருக்கு உங்கள் கணக்கைத் திறந்துவிடப் போகிறீர்கள் என்று அர்த்தம். போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சர்க்கிள் பக்கத்துக்குப் போய் அவரை நீக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

"அப்பாவின் போன் தொலைந்துவிட்டது"

மகளின் செயலியில் சர்க்கிளைத் திறந்து அப்பாவின் பெயரை நீக்கினால் போதும். அப்பாவின் ஒப்புதல் தேவையில்லை, அவர் போன் இணையத்தில் இருக்க வேண்டியதும் இல்லை. சிம்மை முடக்குவது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு செய்யலாம். மகளின் பின் அந்தப் போனில் எங்கும் பதிவாகவில்லை, எனவே அதை மாற்ற வேண்டியதில்லை. அப்பாவுக்குச் சொந்தமாக வங்கிக் கணக்கு அதில் இணைந்திருந்தால், அதன் யுபிஐயை அந்த வங்கியிடம் சொல்லித் தனியாக நிறுத்த வேண்டும்.

தொலைந்தது மகளின் போன் என்றால் விஷயம் பெரிது. அவருடைய கணக்கையே வங்கியிடம் சொல்லி யுபிஐக்கு முடக்க வேண்டும், அதோடு சர்க்கிளில் இருக்கும் எல்லோருக்கும் பணம் நின்றுவிடும். தென்காசியில் அப்பாவிடம் ஒரு வாரச் செலவுக்காவது ரொக்கம் இருக்கிறதா என்று அன்றே போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.